வேலை போன நண்பனிடம் என்ன சொல்வது?

*கல்லூரிக் காலத்திலிருந்து நண்பன். ஆட்குறைப்பில் அவனை நீக்கிவிட்டார்கள். நோட்டீஸ் காலம் முடிய இன்னும் 12 நாள்தான். "என்ன வேணும்னாலும் கேளுடா" என்றேன். அதற்கப்புறம் என் போனை எடுப்பதே இல்லை. பரிதாபப்படுகிறேன் என்று நினைத்துவிட்டானோ? நான் எப்படி உதவுவது?*

நீங்கள் மனதாரத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் "கேளுடா" என்றால், தனக்கு என்ன குறை என்று யோசித்து, அதை வாய்விட்டுச் சொல்லும் வேலை அவன் தலையில் விழுகிறது. வேலை போன வாரத்தில் அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. மனிதவளத் துறையில் இருந்த வருடங்களில் நான் பார்த்தவரை, "சரி" அல்லது "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய உதவியைத்தான் எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

இந்த 12 நாளில் அவசரமானது மருத்துவக் காப்பீடு. பெரும்பாலான நிறுவனங்களில் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். அவன் பெற்றோரும் அதில் இருந்தால், அப்பாவுக்குச் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளியே புதிதாக பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால், குழுக் காப்பீட்டில் இருந்த காலம் அந்தக் காத்திருப்பில் கழியும். பிரீமியத்தை முழுக்க அவனே கட்ட வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் கேட்கலாம். ஆனால் காப்பீடு நடப்பில் இருக்கும்போதே விண்ணப்பிப்பது முக்கியம். இதைப் போனில் பாடமாக நடத்தாதீர்கள். "உன் குரூப் பாலிசி கடைசி நாளோட முடிஞ்சிடும்டா. தனி பாலிசியா மாத்த என்னென்ன வேணும்னு நான் கேட்டு அனுப்பவா?" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். கூடவே, அலுவலக லாகின் மூடப்படுவதற்குள் சம்பளச் சீட்டுகளையும் படிவம் 16-ஐயும் இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த நிறுவனம் கேட்கும்.

அப்புறம், பரிந்துரை. நல்லெண்ணம் அதிகம் வீணாவது இங்கேதான். நண்பனின் ரெஸ்யூமேயை நாலு குழுக்களில் போட்டு, "வேலை போச்சு, பாவம், ரெண்டு பிள்ளைங்க, ஏதாவது பாருங்க" என்று எழுதுவார்கள். ஆள் எடுப்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. அவனுக்கோ அது பெருத்த அவமானம். வீட்டுப் பெரியவர்களிடம்கூட அவன் இன்னும் சொல்லாமல் இருக்கலாம். அவனைக் கேட்காமல் யாரிடமும் பேச்செடுக்காதீர்கள்.

முதலில் உங்கள் நிறுவனத்தில் அவனுக்குப் பொருந்தும் ஒரே ஒரு காலியிடத்தைத் தேடி, அதன் எண்ணோடு அவனுக்கு அனுப்புங்கள். "நீயே அப்ளை பண்ணிடாதே, நான் ரெஃபர் பண்றேன்" என்றும் சொல்லுங்கள். அவன் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் பல நிறுவனங்களில் உங்கள் பரிந்துரை கணக்கில் வராது. பிறகு அந்த மேலாளருக்கு எழுதுங்கள்: "கல்லூரியில் என்னோடு ப்ராஜெக்ட் செய்தவர். கடைசி வாரத்தில் எங்கள் புரோகிராம் உடைந்தபோது பிழையைக் கண்டுபிடித்து, அதை எல்லோருக்கும் புரியும்படி எழுதியும் வைத்தார். இந்த இடத்துக்கு அவரிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள்." நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு விஷயம் இருந்தால் போதும். வேலை ஏன் போனது என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. அதை அவன் தன் வாயால் சொல்வதே முறை.

உங்கள் நிறுவனம் பரிந்துரைக்குப் பணம் தருமானால் அதை மறைக்காதீர்கள். "நீ சேர்ந்தா எனக்கும் போனஸ் வரும்டா" என்று சொன்னால், தான் வாங்கிக்கொள்பவன் மட்டும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

பணம் கொடுக்க நினைத்தால், உங்களால் திரும்பக் கேட்காமல் இருக்க முடிகிற தொகையாகப் பாருங்கள். "பள்ளிக் கட்டணம் இந்த டெர்ம் நான் கட்டிடறேன், வேலை கிடைச்சதும் மாசாமாசம் கொடு" என்று செலவையும் திருப்பும் வழியையும் சேர்த்தே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் இன்னொரு முறை கேட்காதீர்கள்.

வாரம் ஒருமுறை சந்தியுங்கள், எப்போதும் போகும் டீக்கடையிலேயே. "ஏதாவது கிடைச்சுதா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். கிடைத்தால் அவனே சொல்வான். டீக்கு அவன் காசு எடுத்தால், தடுக்காதீர்கள்.