டிஏ வேலை, டியூஷன் தள்ளுபடி, வரி: எஃப்-1 மாணவரின் மூன்று கேள்விகள்

கேள்வி: இந்தியாவிலிருந்து வந்து அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் முதுகலை படிக்கிறேன். 2025 ஆகஸ்டில் சேர்ந்தேன். 50 சதவீத டிஏ வேலை, அதாவது கற்பித்தல் உதவியாளர் வேலை, வாரம் 20 மணி, மாதம் 2,200 டாலர், டியூஷன் முழுவதும் தள்ளுபடி. இன்னொரு துறைப் பேராசிரியர் வாரம் 6 மணி நேரம் விடைத்தாள் திருத்தக் கூப்பிட்டார். ஒரு வாரம் செய்தும் கொடுத்துவிட்டேன், சம்பளம் இன்னும் வரவில்லை. தொடரலாமா? ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் காட்டும் W-2 படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி என்று 757 டாலர் பிடித்திருக்கிறார்கள், அது சரியா? தள்ளுபடியான டியூஷனுக்கும் வரி உண்டு என்று நண்பர்கள் சொல்கிறார்களே?

பதில்: திருத்தும் வேலையை இன்றே நிறுத்துங்கள். மற்ற இரண்டும் பணம் சம்பந்தப்பட்டவை, திருத்திக்கொள்ளலாம். இது உங்கள் விசா நிலை சம்பந்தப்பட்டது.

எஃப்-1 மாணவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. இந்த 20 மணி ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக அல்ல, எல்லா வேலைக்கும் சேர்த்து. உங்கள் டிஏ நியமனமே அதை முழுவதும் எடுத்துக்கொள்கிறது. இந்த வாரம் 14 மணி, அடுத்த வாரம் 26 மணி என்று சராசரி பார்க்கவும் முடியாது, கணக்கு வாரவாரம்தான். செமஸ்டர் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் முழுநேரம் வேலை செய்யலாம், அந்த வேலையை அப்போதைக்குக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் வராததால் அது வேலை இல்லை என்றாகிவிடாது. சம்பளத்தை எதிர்பார்த்துச் செய்தால் அது வேலைதான். 'மணிக்கணக்கை விடுமுறை வாரத்தில் போட்டுக்கொள்' என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். நேரப் பதிவில் பொய் எழுதுவது முதல் தவறைவிடப் பெரிய தவறு.

அந்த ஒரு வாரத்தை என்ன செய்வது? அனுமதியில்லாத வேலை என்பது எஃப்-1 நிலையை மீறுவது. நிலையை இழந்தவர் மறுபடி அதைப் பெற விண்ணப்பிக்கும்போது, அனுமதியில்லாத வேலை செய்யவில்லை என்பதும் ஒரு நிபந்தனை. அதனால் எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இந்த ஆலோசனை இலவசமாகவே கிடைக்கும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருப்பவர்கள் உதவக்கூடியவர்கள்தான், ஆனால் அவர்கள் உங்கள் வக்கீல் அல்ல. நிலை மீறல் தெரிந்தால் அரசுக்குத் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு.

அந்த 6 மணி வேலைக்காக டிஏ நியமனத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்று தோன்றலாம். நியமனக் கடிதத்தைப் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். தள்ளுபடி கிடைப்பது உங்களுக்காக அல்ல, அந்த நியமனத்துக்காக. நியமனம் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் தள்ளுபடி போகும், செமஸ்டரில் எத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், எத்தனை கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் கடிதத்திலோ அது சுட்டும் விதிகளிலோ தேடுங்கள். உதாரணத்துக்கு, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நியமனம் 25 சதவீதமாவது இருக்க வேண்டும், செமஸ்டரில் 91 நாளாவது வேலையில் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட விதி இருக்கும் இடத்தில் நடுவில் விலகினால் அந்த செமஸ்டரின் டியூஷன் முழுவதும் உங்கள் கணக்கில் பில்லாக வந்து நிற்கும். 'முழுத் தள்ளுபடி' என்றாலும் மாணவர் கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் அதில் பெரும்பாலும் சேராது என்பதையும் கவனியுங்கள்.

இனி வரி. தள்ளுபடியான டியூஷனுக்கு உங்களுக்கு வரி இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 117(d)(5) பிரிவு, கற்பித்தல் அல்லது ஆராய்ச்சிப் பணியில் இருக்கும் பட்டமேற்படிப்பு மாணவரின் டியூஷன் சலுகைக்கு விலக்கு அளிக்கிறது. 2017-ல் பிரதிநிதிகள் சபையின் வரி மசோதா இதை நீக்கப் பார்த்தது. இறுதிச் சட்டத்தில் அது தப்பியது. உங்கள் நண்பர்களின் பயம் அங்கிருந்து வந்திருக்கலாம். அல்லது அவர்களில் யாராவது அலுவலக நிர்வாக வேலையில் இருக்கலாம். நூலகக் கவுன்டர், அட்மிஷன் அலுவலகம் போன்ற இடங்களில் உதவியாளராக இருப்பவர் கற்பிப்பதுமில்லை, ஆராய்வதுமில்லை. அவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆண்டுக்கு 5,250 டாலருக்கு மேற்பட்ட தள்ளுபடி சம்பளமாகக் கணக்கிடப்படலாம். நியமனக் கடிதத்தில் உங்கள் பணி 'கற்பித்தல்' என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதம் வரும் 2,200 டாலர் சம்பளம்தான், அதற்கு வரி உண்டு. ஆனால் இந்தியாவிலிருந்து படிக்க வந்தவருக்கு ஒரு நல்ல சலுகை இருக்கிறது. வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் குறிப்பிட்ட தொகைக்கு நிலையான கழிவு என்று பெயர். வரி விஷயத்தில் குடியிருப்பாளர் அல்லாத மாணவருக்கு அது கிடையாது. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) விதி அதை இந்திய மாணவருக்கு மட்டும் தருகிறது. வருவதற்கு முன் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும், படிப்புக்காகவே வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் 2025-ல் நாலரை மாதச் சம்பளமாக 9,900 டாலர் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் கழிவு 15,750 டாலர். ஆக, மத்திய வரி பூஜ்யம். W-2-வின் 2-ஆம் கட்டத்தில் பிடித்த தொகை முழுவதும் திரும்ப வரும். இந்தச் சலுகையைக் கோராமல் விட்டால் 990 டாலர் வரி. 2026-ல் ஒன்பது மாதச் சம்பளம் 19,800, கழிவு 16,100, மீதி 3,700-க்கு 10 சதவீதம், அதாவது 370 டாலர்.

கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய படிவம் 1040-NR, அதோடு 8843. பலரும் பழகிய மென்பொருளில் சாதாரண 1040-ஐ நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது குடியிருப்பாளருக்கான படிவம். அப்படி அனுப்பியிருந்தால் சரியான 1040-NR-ஐ இணைத்து 1040-X மூலம் திருத்துங்கள். எஃப்-1 மாணவர் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் குடியிருப்பாளர் ஆவதில்லை. 2025-ன் அந்தச் சில மாதங்களும் ஒரு முழு ஆண்டாகவே எண்ணப்படும். கழிவுத் தொகையை எழுதும் வரியின் இடப்பக்கம் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்:

```
Standard Deduction Allowed Under U.S.–India Income Tax Treaty
```

கெடு 2026 ஏப்ரல் 15. மாநில வரி தனி. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் மத்திய அரசின் வரி ஒப்பந்தங்களை ஏற்பதில்லை, எனவே மாநிலப் படிவத்தை இதே எண்களைப் பார்த்து நிரப்பாதீர்கள்.

கடைசியாக அந்த 757 டாலர். 9,900-க்கு 7.65 சதவீதம் போட்டால் 757.35 வருகிறது, உங்கள் சம்பளம் முழுவதற்கும் பிடித்திருக்கிறார்கள். குடியிருப்பாளர் அல்லாத எஃப்-1 மாணவரின் அனுமதிக்கப்பட்ட வேலைக்கு இந்த இரண்டு வரியும் கிடையாது. W-2-வின் 4, 6 எண் கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும். ஊதியப் பிரிவில் உங்களைக் குடியிருப்பாளர் என்று பதிந்திருப்பார்கள், வழக்கமாக நடக்கும் தவறு இதுதான். முதலில் அவர்களுக்கு எழுத்தில் கேளுங்கள்: பணத்தைத் திருப்பித் தந்து, திருத்திய W-2c தர வேண்டும். அடுத்த மாதங்களுக்கும் பிடித்தம் நின்றதா என்று ஊதியச் சீட்டில் பாருங்கள். அவர்கள் மறுத்தால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு 843, 8316 ஆகிய படிவங்களை, W-2, விசா, ஐ-20 நகல்களுடன் வரித்துறைக்கு அனுப்பலாம். இதை 1040-NR-க்குள் கழித்துக்கொள்ள முடியாது, தனியாகத்தான் கேட்க வேண்டும். 2025-ன் பிடித்தத்துக்கு 2029 ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு.