ஓடிபி தாமதமாக வரும்போது சரியான எண்ணும் தவறாவது ஏன்?

கேள்வி: எங்கள் ஆப்பில் எஸ்எம்எஸ் லேட்டாக வந்தால் சிலர் ‘மீண்டும் அனுப்பு’ அழுத்துகிறார்கள். பிறகு வந்த எண்ணைச் சரியாகப் போட்டாலும் ‘தவறான ஓடிபி’ என்கிறது. டைமரைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கோளாறு சர்வரில் இருக்கிறது. நடப்பதை நொடிவாரியாகப் பாருங்கள்.

10:00:00க்கு 482913 என்ற எண் கிளம்புகிறது. 30 நொடி டைமர் முடிந்ததும் பயனர் மீண்டும் அனுப்பச் சொல்கிறார். சர்வர் 705164 என்று புது எண்ணை உருவாக்கிப் பழையதைச் செல்லாததாக்குகிறது. 10:00:41க்குத்தான் முதல் எஸ்எம்எஸ் வந்து சேருகிறது. அவர் 482913 என்று போடுகிறார், ‘தவறு’ என்கிறது. மறுபடி அழுத்துகிறார், மூன்றாவது எண் பிறக்கிறது, அதற்குள் இரண்டாவது வருகிறது. இப்படி எப்போதும் ஒரு எண் பின்தங்கியே இருப்பார். அனுப்பிய வரிசையில்தான் எஸ்எம்எஸ் வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

ஆகவே, எண் செல்லுபடியாகும் 5 நிமிடத்துக்குள் மீண்டும் கேட்டால் அதே எண்ணையே அனுப்புங்கள். எது முதலில் வந்தாலும் பொருந்தும். காலாவதியாக 2 நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் மட்டும் புது எண் கொடுத்து, பழையதையும் அதன் காலம் முடியும்வரை ஏற்றுக்கொள்ளுங்கள். எண்ணின் ஹேஷ் மட்டும் சேமிப்பவர்களால் அதையே திரும்ப அனுப்ப முடியாது. அவர்கள் கடைசி இரண்டு ஹேஷ்களையும் உயிரோடு வைக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: தவறான முயற்சிகளின் எண்ணிக்கை, மீண்டும் அனுப்பும்போது பூஜ்ஜியத்துக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் ஊகித்து உள்ளே நுழைய நீங்களே வழிவிடுகிறீர்கள்.

டைமரில் நொடிக்கு ஒன்றாகக் கழிக்காதீர்கள். பயனர் மெசேஜ் ஆப்புக்குப் போனதும் பின்னணியில் அது நின்றோ தூங்கியோ போகும். இன்னும் எத்தனை நொடி என்பதைச் சர்வர் சொல்லட்டும். முடியும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, திரை மீண்டும் தெரியும்போது அதிலிருந்து கணக்கிடுங்கள்.

ஆட்டோஃபில்லுக்கு ஆறு தனிப் பெட்டிகளைவிட ஒரே பெட்டி மேல். ஒவ்வொன்றிலும் `maxlength="1"` இருந்தால் நிரப்பிய எண்ணின் முதல் இலக்கம் மட்டும் தங்கிவிடலாம்.

```html
<input type="text" inputmode="numeric"
       autocomplete="one-time-code" maxlength="6">
```

`type="number"` வேண்டாம், 048291 போன்ற எண்ணின் முன் பூஜ்ஜியத்தைக் காப்பாற்றுவது தலைவலி. ஆறு இலக்கம் நிரம்பியதும் தானாகச் சமர்ப்பிப்பதானால் அந்தக் கணமே பட்டனை முடக்குங்கள். இல்லையேல் பயனரும் அழுத்த, இரண்டாவது கோரிக்கை ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று பிழை காட்டும்.

ஆண்ட்ராய்டு குரோமில் எஸ்எம்எஸ்ஸிலிருந்து எண்ணை நேரடியாக எடுத்துத் தரும் வெப் ஓடிபி வேண்டுமானால் எஸ்எம்எஸ்ஸின் கடைசி வரி இப்படி இருக்க வேண்டும்:

```
@example.com #482913
```

இந்தியாவில் இந்த வரியை, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளமான டிஎல்டியில் பதிந்த டெம்ப்ளேட்டிலும் சேருங்கள். பதிந்ததற்கும் அனுப்புவதற்கும் வித்தியாசம் இருந்தால் எஸ்எம்எஸ் வழியிலேயே தடுக்கப்படும். தாமதம் என்று நினைத்து நீங்கள் தேடும் சில எஸ்எம்எஸ்கள் அப்படி நின்றுபோனவையாக இருக்கலாம். அனுப்பும் நிறுவனத்தின் டெலிவரி ரிப்போர்ட்டில் காரணம் தெரியும்.