ரிஜெக்ட் ஆன 60 புஷ்: ஸ்டாக்கில் எப்போது குறையும், பாக்கியில் எப்போது குறையும்?

பெங்களூரு பீன்யா, பொம்மசந்திரா பக்கம் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் பார்க்கும் நம்மவர்கள் கேட்டவையும், கொள்முதல் கணக்கைப் பல வருடமாகப் பார்க்கும் ஒருவர் சொன்ன பதில்களும்.

ஸ்டோர்ஸ், பீன்யா: சார், ஒசூர் சப்ளையர்கிட்ட இருந்து 500 புஷ் வந்தது. 500-க்கும் ஜிஆர்என் போட்டாச்சு. மறுநாள் க்யூசி 60 பீஸை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ஜிஆர்என்னை 440-ன்னு திருத்திடலாமா?

பதில்: திருத்தாதீங்க. வண்டியில் வந்து இறங்கியது 500. கேட் ரிஜிஸ்டர், சப்ளையர் சலான், பில் மூணும் 500-ன்னு சொல்லும். ஜிஆர்என் மட்டும் 440-ன்னு சொன்னா, அந்த 60 எங்கே போச்சுன்னு காட்ட உங்ககிட்ட ஒரு காகிதமும் இருக்காது.

முதல் வேலை, 60 பீஸையும் நல்ல சரக்கிலிருந்து பிரிச்சு ரிஜெக்ஷன் கூண்டுக்கு மாத்தறது. கம்ப்யூட்டரிலும் அதே நேரத்தில் ரிஜெக்ஷன் லொகேஷனுக்கு மாத்துங்க. சிவப்பு டேக்கில் ஜிஆர்என் எண், பி.ஓ. எண், பேட்ச் எண் இருக்கணும். காரணத்தை அளவோடு எழுதுங்க. "சைஸ் சரியில்லை"ன்னு எழுதினா சப்ளையர் வாதம் பண்ணுவார். "உள்விட்டம் 25.08, டிராயிங்கில் 25.00 முதல் 25.03 வரை"ன்னு எழுதினா அவரே அளந்து பார்த்து ஒத்துக்குவார்.

இந்தக் கட்டத்தில் மொத்த ஸ்டாக் இன்னும் 500 தான். லைனுக்குக் கொடுக்கக்கூடியது 440. அந்த 60 கேட்டைத் தாண்டும் நாளில்தான் ரிட்டர்ன் என்ட்ரி. எஸ்ஏபி-யில் அது மூவ்மென்ட் 122, டாலியில் `Rejections Out`. எதில் போட்டாலும் பழைய ஜிஆர்என் எண்ணோடு இணைச்சுப் போடுங்க. க்யூசி ரிஜெக்ட் சொன்ன அன்னிக்கே ரிட்டர்ன் என்ட்ரி போட்டுட்டு, சரக்கு மட்டும் மூணு வாரம் கூண்டிலேயே கிடந்தா, ஸ்டாக் எண்ணும்போது 60 பீஸ் கணக்கில் இல்லாத சரக்கா நிற்கும். யாராவது அதை நல்லதுன்னு நினைச்சு லைனுக்கு அனுப்பிடுவாங்க.

அக்கவுண்ட்ஸ், அதே கம்பெனி: ரேட் 240, ஐஜிஎஸ்டி 18 சதவீதம். பில்லை 440-க்கு மட்டும் புக் பண்ணலாமா, முழுசா பண்ணணுமா?

பதில்: முழுசா. பில் 1,20,000, வரி 21,600, ஆக 1,41,600. சப்ளையர் கணக்கில் பாக்கி அவ்வளவும் ஏறட்டும். அவர் பக்கத்திலும் அந்தத் தொகைதான் இருக்கு, 2பி-யிலும் அதே தொகைதான் வரும். அதுக்கப்புறம் 60 பீஸுக்குத் தனியா டெபிட் நோட் போடுங்க. 14,400-ம் வரி 2,592-ம் சேர்ந்து 16,992.

ரெண்டும் முடிஞ்சதும் பாக்கி 1,24,608. ஸ்டாக் 440 பீஸ், மதிப்பு 1,05,600. உங்களுக்கு நிற்கும் வரிக் கிரெடிட் 19,008. ஸ்டாக் மதிப்பையும் வரியையும் கூட்டினா பாக்கித் தொகை வரணும். வரலைன்னா மூணில் ஒண்ணு தப்பு.

டெபிட் நோட்டை அந்த பில் எண்ணோடவே கட்டுங்க. டாலியில் `Agst Ref` கொடுத்து அந்த பில்லைத் தேர்ந்தெடுக்கணும். சும்மா `On Account`-ல் போட்டா பில் 1,41,600 அப்படியே திறந்து நிற்கும். பேமென்ட் போடறவர் அதைப் பார்த்து முழுசா அனுப்பிடுவார்.

ரேட் விஷயத்தில் ஒண்ணு. பழைய சரக்கும் கலந்து உங்க சராசரி விலை 234 ஆக இருந்தாலும், சப்ளையருக்கு டெபிட் பண்ண வேண்டியது பில்லில் இருக்கும் 240.

ஸ்டோர்ஸ், பீன்யா: டாலியில் எல்லாம் சரியாத்தான் போட்டோம் சார். ஆனா ஸ்டாக் 380 காட்டுது.

பதில்: 60 ரெண்டு தடவை குறைஞ்சிருக்கு. நீங்க `Rejections Out` போட்டீங்க, அது ஸ்டாக்கைக் குறைச்சது. அக்கவுண்ட்ஸ் டெபிட் நோட்டில் ஐட்டத்தைப் போட்டு `Tracking No.` இடத்தில் `Not Applicable` கொடுத்திருப்பாங்க, அதுவும் குறைச்சது. டெபிட் நோட்டைத் திறந்து உங்க `Rejections Out` எண்ணை அங்கே கொடுக்கச் சொல்லுங்க. 440 வந்துடும். ஸ்டாக் ஜர்னல் போட்டு 60-ஐக் கூட்டிச் சரிக்கட்ட வேண்டாம். எண்ணிக்கை சரியாகும், தப்பு அப்படியே இருக்கும்.

பர்ச்சேஸ், ஒயிட்ஃபீல்டு: டெபிட் நோட் போட்டாலே ஜிஎஸ்டி குறைஞ்சிடுது. சப்ளையர் கிரெடிட் நோட் அனுப்பறது வெறும் சம்பிரதாயம்தானே?

பதில்: பாதி சரி. பாக்கி குறையறதுக்கு உங்க டெபிட் நோட் போதும். வரிக்குப் போதாது. ஜிஎஸ்டி சட்டம் 34-வது பிரிவில் கிரெடிட் நோட், டெபிட் நோட் ரெண்டுமே சப்ளையர் போடறதுதான். வாங்குறவர் போடும் டெபிட் நோட், 'இவ்வளவு கழிக்கிறேன், கிரெடிட் நோட் கொடு'ன்னு கேட்கிற காகிதம். அவர் கிரெடிட் நோட் போட்டு ரிட்டர்னில் காட்டினாத்தான் அவருக்கு 2,592 வரி குறையும், உங்க 2பி-யிலும் தெரியும். அதுக்குக் கெடு உண்டு. சப்ளை நடந்த நிதியாண்டு முடிஞ்சு வரும் நவம்பர் 30, அல்லது அவர் ஆண்டு ரிட்டர்ன் போடும் நாள், எது முந்தியோ அது. கெடு தாண்டினா அவர் வரியைத் திருப்ப மாட்டார், 14,400 மட்டும்தான் ஒத்துக்குவார். 2,592 உங்க ரெண்டு பேருக்கும் நடுவில் தொங்கும்.

கிரெடிட் நோட் வரும்வரை அந்த 2,592-ஐ என்ன பண்றதுன்னு ஆடிட்டர்களுக்குள்ளேயே ரெண்டு பழக்கம் இருக்கு. சிலர் கிரெடிட் நோட் வந்த மாசம்தான் குறைப்பாங்க. சிலர் ரிட்டர்ன் பண்ண மாசமே 3பி-யில் 4(B)(2)-ல் காட்டி நிறுத்தி வைப்பாங்க. எனக்கு ரெண்டாவதுதான் பாதுகாப்புன்னு படுது. ஆனா அப்படிப் பண்ணா ஒரு கண்ணி இருக்கு. பின்னால் கிரெடிட் நோட் 2பி-யில் வந்ததும் 4(A)(5) தானாகவே குறைஞ்சு வரும். முன்னால் நிறுத்தினதை அந்த மாசம் திரும்ப எடுக்கலைன்னா ஒரே 2,592 ரெண்டு தடவை போயிடும். டெபிட் நோட் எண்ணோடு ஒரு சின்னப் பட்டியல் வெச்சுக்கோங்க.

அக்கவுண்ட்ஸ், பொம்மசந்திரா: மேலே சொன்ன மாதிரியே எங்களுக்கும். சப்ளையர் கிரெடிட் நோட் வந்தது, என்ட்ரி பண்ணினேன். இப்ப அவங்க லெட்ஜருக்கும் எங்களுக்கும் சரியா டெபிட் நோட் தொகை அளவுக்கு இடிக்குது.

பதில்: நீங்க ஏற்கெனவே டெபிட் நோட் போட்டுட்டீங்க. அவர் கிரெடிட் நோட்டும் அதே ரிட்டர்னுக்குத்தான். ரெண்டையும் புக் பண்ணா பாக்கி 1,24,608-க்குப் பதிலா 1,07,616 ஆயிடும். உங்க டெபிட் நோட்டைத் திறந்து, அதில் அவர் கிரெடிட் நோட் எண்ணையும் தேதியையும் மட்டும் எழுதுங்க. புது என்ட்ரியை நீக்குங்க. கிரெடிட் நோட் தொகை வேற மாதிரி வந்தா, உதாரணமா அவர் 55 பீஸ்தான் ஒத்துக்கிட்டார்னா, அந்த 5 பீஸ் வித்தியாசத்துக்குத்தான் தனி வேலை இருக்கு. அதை டெபிட் நோட்டில் புதைச்சுடாம பர்ச்சேஸ்கிட்ட அனுப்புங்க.

சின்ன யூனிட் ஓனர், ராஜாஜிநகர்: நீங்க சொல்றது எல்லாம் வாங்குறவங்களுக்கு. எங்க கஸ்டமர் 80 பீஸுக்கு டெபிட் நோட் அனுப்பிப் பணத்தைக் கழிச்சுட்டாங்க. சரக்கு திரும்பி வரவே இல்லை.

பதில்: அண்ணா, நீங்க கேட்டது அடுத்த கரையிலிருந்து. ஆனா அவசியமான கேள்வி. சரக்கு உங்க கேட்டுக்குள் வராம கிரெடிட் நோட் போடாதீங்க. டெபிட் நோட்டைப் பெற்றதா மட்டும் மெயிலில் பதில் எழுதி மூணு கேளுங்க: ரிட்டர்ன் சலான் எண், ரிஜெக்ஷன் ரிப்போர்ட்டில் அளவுகள், எந்த ஜிஆர்என்.

நீங்க உற்பத்தி பண்ற உத்யம் பதிவு உள்ள குறு, சிறு யூனிட்னா இன்னொண்ணும் பாருங்க. எம்எஸ்எம்இடி சட்டப்படி, டெலிவரி ஆன 15 நாளுக்குள் வாங்கினவர் எழுத்தில் ஆட்சேபிக்கலைன்னா சரக்கை ஏத்துக்கிட்டதா அர்த்தம். போனில் சொன்னது கணக்கில்லை. டெபிட் நோட் தேதியையும் டெலிவரி தேதியையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. வாங்குற கம்பெனிகளில் இருக்கிறவங்களும் இதைக் கவனிங்க. 15 நாளுக்குள் எழுத்தில் அனுப்பலைன்னா, பணம் கொடுக்கிற நாள் கணக்கு டெலிவரி அன்னிக்கே ஆரம்பிக்கும், அதுவும் முழுத் தொகைக்கு.

டிஸ்பாட்ச், பீன்யா: அந்த 60 பீஸை ஒசூருக்கு அனுப்ப ஈ-வே பில் வேணுமா? சரிபண்ணித் தரேன்னு சொல்றார், ஜாப் ஒர்க்குன்னு சலானில் போட்டுடலாமா?

பதில்: மதிப்பு 16,992. 50,000-க்குள்ளே இருக்கறதால ரிட்டர்னுக்கு ஈ-வே பில் வேண்டாம், டெலிவரி சலான் போதும். ஜாப் ஒர்க்குன்னு போடாதீங்க. மாநிலம் விட்டு மாநிலம் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினா மதிப்பு எவ்வளவு குறைவா இருந்தாலும் ஈ-வே பில் கட்டாயம். அத்திப்பள்ளியில் வண்டியை நிறுத்தினா உங்க சலானே உங்களுக்கு எதிரா பேசும். "ரிஜெக்ட் ஆன சரக்கு, சப்ளையருக்குத் திருப்பம்"ன்னு எழுதி, அவர் பில் எண்ணையும் தேதியையும் போடுங்க. 50,000 தாண்டினா, நீங்க எடுக்கும்போது `Outward`, அதில் `Others`. `Sales Return` என்பது `Inward` பக்கத்தில், சப்ளையர் எடுக்கும்போது.

ஸ்டோர்ஸ், பீன்யா: அவர் மாற்று 60 பீஸை பில் இல்லாம சலானில் அனுப்பிட்டார் சார்.

பதில்: டெபிட் நோட் போட்டாச்சுன்னா அந்தச் சரக்கு புது பில்லோடுதான் வரணும். இல்லைன்னா ஸ்டாக் 500, பாக்கி 440-க்கு மட்டும். அவருக்குச் சேர வேண்டிய 16,992 உங்க கணக்கில் எங்கேயும் தெரியாது. பில் கேளுங்க. மாற்றுச் சரக்கு நிச்சயம் வரும்னு முதலிலேயே பேசியிருந்தா, டெபிட் நோட் இல்லாம சலானில் அனுப்பி சலானில் வாங்கறதே சுலபம். ஆனா வராத வரைக்கும் 16,992-ஐ பேமென்டில் ஹோல்டு வைக்கணும்.

பர்ச்சேஸ், ஒயிட்ஃபீல்டு: ரிஜெக்ட் பீஸைப் பொறுக்கி எடுக்க ஆள் கூலி ஆச்சு. அதையும் அதே டெபிட் நோட்டில் சேர்க்கலாமா? ஜிஎஸ்டி போடணுமா?

பதில்: அதே டெபிட் நோட்டில் வேண்டாம். சரக்கு ரிட்டர்ன் தொகை கிரெடிட் நோட்டோடு பைசா பைசாவா ஒத்துப்போகணும், கூலி சேர்ந்தா ஒத்துப்போகாது. தனி டெபிட் நோட்டில், ஸ்டாக்கைத் தொடாம, பி.ஓ.-வில் சார்ட்டிங் கூலி வசூல்னு ஷரத்து இருந்தா மட்டும் போடுங்க. வரி போடணுமா என்பதில் ஒரு தரப்பு அதை நஷ்ட ஈடுன்னு சொல்லுது, இன்னொரு தரப்பு சேவைன்னு சொல்லுது. பி.ஓ. வாசகத்தை உங்க ஆடிட்டர்கிட்ட காட்டி எழுத்தில் வாங்குங்க.