ஊரடங்கில் காலி வீதிப் புகை போனது, PM2.5 ஏன் போகவில்லை?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கமாக, ஒழுங்கையில் மூன்றாவது வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது, இழுப்பு வருத்தம். 2020 ஊரடங்கு நேரம் குழந்தையாக இருந்தவனுக்கு இழுப்பே வரவில்லை, பிறகு 2021 பயணத் தடையிலும் அப்படித்தான். ஆனால் அப்போது போனில் பார்த்த PM2.5 நுண்தூசு எண் சில நாட்களில் பெரிதாகக் குறையவில்லை. வாகனம் இல்லாமலே ஏன் அப்படி? இப்போது நான் எந்த எண்ணைப் பார்த்து ஜன்னலைச் சாத்துவது?

பதில்: நீங்கள் கண்ட இரண்டும் உண்மைதான். குழந்தைக்குச் சுகம் தந்த காற்றும் போனில் காட்டிய எண்ணும் வேறு வேறு பொருட்களைப் பற்றியவை.

காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் கக்குவதில் முக்கியமானது நைதரசன் ஒட்சைட்டு வாயுக்கள். அவற்றில் நமது நுரையீரலை உறுத்துவது நைதரசன் ஈரொட்சைட்டு, அதாவது NO2. இதன் ஆயுள் குறைவு. பகல் வெயிலில் சில மணி நேரத்துக்குள் மாறிப் போய்விடும். அதனால் அது பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை. வீதி ஓரத்தில் உச்சத்தில் இருக்கும், இருநூறு முந்நூறு மீற்றர் உள்ளே போனால் ஊரின் பொதுவான அளவுக்கு இறங்கிவிடும். கொழும்பில் இந்த வாயுவின் பெரும் பங்கு வாகனத்தில் இருந்துதான் வருகிறது. 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு போட்டு வாகனம் நின்றதும், பழைய இருப்பு சில மணி நேரத்தில் தீர்ந்தது, புதிதாக வர ஆளில்லை. NO2 சடுதியாக வீழ்ந்ததற்கு அதுதான் காரணம். டீசல் கரியும் வீதியோடு ஒட்டியே இருப்பதால் அதுவும் கூடவே குறைந்தது. வீதியில் இருந்து மூன்றாவது வீடான உங்கள் வீட்டுக்கு இது நேரடி நன்மை.

PM2.5 என்ற நுண்தூசின் கதை வேறு. அது நாட்கணக்கில், சில வேளை ஒரு வாரம்கூடக் காற்றில் மிதக்கும். காற்றோடு நூற்றுக்கணக்கான மைல் போகும். விறகு அடுப்பு, குப்பை எரிப்பு, மின் நிலையம், கடல் உப்பு என்று பல வழிகளில் உண்டாகும். வாயுக்கள் காற்றிலேயே சேர்ந்து தூசாக மாறுவதும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பங்கு NO2-இல் 80 பங்கு வாகனத்தினுடையது என்று வைத்துக்கொள்வோம். வாகனம் ஐந்தில் நான்கு குறைந்தால் 64 பங்கு போய்விடும். 100 பங்கு PM2.5-இல் வாகனத்தின் பங்கு 30 என்றால், அதே ஊரடங்கில் போவது 24 மட்டும். அன்று வடக்கில் இருந்து மாசுக் காற்று வந்து 20 பங்கைச் சேர்த்தால், போனின் எண் ஏறக்குறைய அசையாது. இவை விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள். ஆனால் சங்கதி நடப்பது இப்படித்தான். 2020 பெப்ரவரியில் பெய்ஜிங் வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தும் நகரைக் கடும் தூசு மூட்டம் மூடியதும் இதனால்தான்.

நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் 2022 டிசம்பர். மண்டோஸ் புயல் வந்த வேளை வடக்கில் இருந்து தூசு இறங்கி, ஒரே இரவில் கொழும்பின் காற்று கெட்டது, 9ஆம் திகதி பாடசாலைகளை மூட வேண்டி வந்தது. அன்று காலி வீதியில் வாகனம் திடீரென்று கூடியிருக்கவில்லை. எரிபொருள் கோட்டா இருந்த வருடம் அது.

நாம் மூச்சில் இழுக்கும் இன்னொரு மாசு வாயுவான ஓசோன் ஊரடங்கில் குறையவில்லை என்பதோடு பல நகரங்களில் கூடவும் செய்தது. வூஹானிலும் ரோமிலும் கண்டார்கள். இதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. வாகனப் புகையில் முதலில் வருவது நைதரசன் ஓரொட்சைட்டு, அதாவது NO. அது ஓசோனில் இருந்து ஓர் ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு NO2 ஆகிறது. ஒரு NO-வுக்கு ஓர் ஓசோன் காலி. நெரிசலான காலையில் ஓசோன் 10 பங்கு, NO2 25 பங்கு, மொத்தம் 35 என்று வையுங்கள். வாகனம் நின்று NO2 10 ஆனால், தின்ன ஆளில்லாத ஓசோன் 25-ஐ நெருங்கி, அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். புகை குறைந்த நகரத்தில் ஓசோன் ஏறுவது அளவிடும் கருவியின் பிழை அல்ல.

கந்தக ஈரொட்சைட்டும் வீதியை அவ்வளவாக நம்பியிருக்கும் வாயு அல்ல. மின் நிலையங்களும் துறைமுகத்துக் கப்பல்களும் எரிக்கும் எண்ணெயில் இருந்துதான் பெரும்பாலும் வருகிறது, ஊரடங்கில் அவை நிற்கவில்லை.

இதில் பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. ஜனவரியையும் மே மாதத்தையும் ஒப்பிட்டு, "ஊரடங்கு காற்றைச் சுத்தம் செய்தது" என்று சொல்லக் கூடாது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கொழும்புக்கு வருவது தரை தாண்டி வரும் வடகீழ்ப் பருவக் காற்று. மே கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவக் காற்று கடலைக் கடந்து வருவது, இயல்பாகவே சுத்தமானது. இடையில் மார்ச், ஏப்ரலில் மாலை இடிமழை தூசைக் கழுவும். ஊரடங்கே இல்லாவிட்டாலும் எண் இறங்கியிருக்கும். ஏப்ரலை முந்தைய வருடங்களின் ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும்.

மகனின் இழுப்பு அடங்கியதற்கும் காற்றை மட்டும் காரணம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரடங்கில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தொடவில்லை, தடிமன் பரவவில்லை. இழுப்பைத் தூண்டுவதில் தடிமன் மிகப் பெரிய காரணம். இரண்டும் சேர்ந்தே அவனைக் காத்திருக்கும்.

சரி, ஜன்னலுக்கு வருவோம். உங்கள் வீடு காலி வீதிக்கு மேற்கே. பகல் ஏறியதும் கடல் காற்று மேற்கில் இருந்து வீசி வீதிப் புகையை உள்நாட்டுப் பக்கம் தள்ளும். இரவும் அதிகாலையும் தரைக் காற்று அந்தப் புகையை உங்கள் பக்கம் கொண்டு வரும். பாடசாலை வான்களும் பஸ்களும் நெருங்கும் காலை ஆறரை முதல் எட்டரை வரை காற்றும் மெதுவாக இருப்பதால் அதுதான் உங்கள் மோசமான நேரம். அப்போது வீதிப் பக்க ஜன்னல்களைச் சாத்தி, பத்து மணிக்கு மேல் கடல் பக்கத்தைத் திறந்து விடுங்கள். மரைன் டிரைவில் வாகனம் நெருங்கும் மாலையில் மட்டும் கடல் பக்கத்தையும் கவனியுங்கள்.

போனில் எண் ஏறினால் யாழ்ப்பாணத்தின் எண்ணையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால், குறிப்பாக நவம்பர் முதல் ஜனவரிக்குள், அது வெளியில் இருந்து வந்த தூசு. எல்லா ஜன்னலையும் சாத்துங்கள், அன்று மைதானம் வேண்டாம், வெளியே போனால் N95 முகக்கவசம் போடலாம். கொழும்பில் மட்டும், காலையில் மட்டும் ஏறினால் நம் வீதியின் வேலை. அதில் வரும் NO2-ஐ அந்த முகக்கவசம் தடுக்காது, காற்று சுத்திகரிக்கும் கருவியின் தூசு வடிகட்டியும் தடுக்காது. வீதியை விட்டு விலகுவதுதான் வழி. வானுக்காகக் காலி வீதி ஓரத்தில் நிற்காமல், ஒழுங்கைக்குள்ளேயே வந்து ஏற்றச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், ஜன்னலைச் சாத்திய அறைக்குள் நுளம்புத் திரி கொளுத்த வேண்டாம். ஒரு திரி எரிந்து முடிவதற்குள் விடும் நுண்தூசு சுமார் நூறு சிகரெட்டுக்குச் சமம் என்று சீன, மலேசியத் திரிகளை அளந்தவர்கள் கண்டார்கள். மகன் தூங்கும் அறைக்கு நுளம்பு வலை போதும்.