புரோக்கர் கடையை மூடினால் பங்கு எங்கே போகும்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மகன் போனில் ஒரு புரோக்கர் ஆப் போட்டுக் கொடுத்தான். நாலு வருடத்தில் சுமார் 9 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் சேர்ந்திருக்கின்றன. போன வாரம் ஒரு நாள் காலை முழுக்க ஆப் திறக்கவே இல்லை. அந்தக் கம்பெனியே திவாலாகிவிட்டால் என் பங்குகளும் போய்விடுமா? இரண்டு புரோக்கர்களிடம் பிரித்து வைத்துக்கொள்ளட்டுமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: டீச்சர், முதலில் அந்த ஆப்பில் உங்கள் பெயர், பான் எண் இருக்கும் பக்கத்தைத் திறந்து, பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் டீமேட் கணக்கின் எண்ணைப் பாருங்கள். 16 இடமும் வெறும் எண்களாக இருந்தால் உங்கள் பங்குகள் சி.டி.எஸ்.எல்.லில் இருக்கின்றன. IN என்ற எழுத்துகளில் தொடங்கினால் என்.எஸ்.டி.எல்.லில் இருக்கின்றன. யாரிடம் எந்தப் பங்கு இருக்கிறது என்று பதிவேடு வைத்திருக்கும் நிறுவனத்தை டெபாசிட்டரி என்பார்கள்; இந்தியாவில் அப்படி இருப்பவை இந்த இரண்டும்தான். அந்த எண்ணின் முதல் பாதி உங்கள் புரோக்கரைக் குறிக்கிறது, பின்பாதி உங்களை. உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்த எண்ணிலேயே இருக்கிறது.

நிலம் வாங்கியிருப்பீர்கள், அல்லது வாங்கியவர்களைப் பார்த்திருப்பீர்கள். பத்திரம் எழுதிக் கொடுத்தவர் ஒருவர், பதிவேடு இருப்பது சார்பதிவாளர் அலுவலகத்தில். எழுதியவர் கடையைக் காலி செய்துகொண்டு ஊரைவிட்டே போனாலும் நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும். புரோக்கர் அந்தப் பத்திர எழுத்தர் மாதிரி, டெபாசிட்டரி பதிவேட்டு அலுவலகம் மாதிரி. 1996-ஆம் வருடத்து டெபாசிட்டரிகள் சட்டப்படி, கம்பெனியின் புத்தகத்தில் பதிவு பெற்ற உரிமையாளராக டெபாசிட்டரி நிற்கும்; டிவிடெண்ட், வாக்குரிமை என்று பயன்கள் எல்லாம் உங்களுக்கு. இதில் புரோக்கரின் பெயர் எங்கேயும் வராது. சந்தேகம் இருந்தால் உங்கள் பேங்க் பாஸ்புக்கில் டிவிடெண்ட் வரவைப் பாருங்கள். அது கம்பெனியிடமிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வந்திருக்கும், புரோக்கர் வழியாக அல்ல. அதனால் அவர் திவாலானால் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் உங்கள் டீமேட்டில் இருக்கும் பங்கின் மேல் கை வைக்க முடியாது. அது அவருடைய சொத்தே இல்லை.

அப்படியானால் 2019-இல் ஏன் அத்தனை பேர் அலறினார்கள் என்று கேட்பீர்கள். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த கார்வி ஸ்டாக் புரோக்கிங் அந்தக் காலத்துப் பெரிய புரோக்கர்களில் ஒன்று. அப்போதெல்லாம் கணக்கு தொடங்கும்போதே ஒரு கட்டுத் தாள்களில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ஒன்று பவர் ஆஃப் அட்டர்னி. நிலத்துக்குப் பவர் எழுதிக் கொடுப்பது போலவேதான்: பங்கை விற்கும்போது உங்கள் டீமேட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க அவருக்கு அதிகாரம். கார்வி அந்த அதிகாரத்தை வைத்து, வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் பெயரில் இருந்த ஒரு டீமேட் கணக்குக்கு மாற்றி, அவற்றைப் பேங்குகளில் அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. சுமார் 2,300 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகள், ஏறக்குறைய 95,000 பேருடையவை. பதிவேட்டு அலுவலகத்தில் எந்தத் திருட்டும் நடக்கவில்லை. பவர் வாங்கியவர் உத்தரவு போட்டார், பதிவேடும் அதன்படி மாறியது.

2019 நவம்பர் 22 அன்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தடை உத்தரவு போட்டது. அந்தப் பவரைக் காட்டி வரும் உத்தரவுகளை ஏற்க வேண்டாம் என்று டெபாசிட்டரிகளுக்கும் சொல்லிவிட்டது. பத்தே நாளில், டிசம்பர் 2 அன்று, அடமானத்தில் கிடந்த பங்குகளை என்.எஸ்.டி.எல். 82,000-க்கும் அதிகமான வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்கே திருப்பி அனுப்பியது. கடன் கொடுத்த பேங்குகள் வழக்குப் போட்டன. ஆனாலும் பங்குகள் உரியவர்களிடம் போய்விட்டன. புரோக்கரிடம் பணம் பாக்கி வைத்திருந்தவர்களின் பங்குகள் மட்டும் பின்தங்கின. மறுவருடம் நவம்பரில், தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. கார்வியைக் கடமை தவறிய உறுப்பினர் என்று அறிவித்தது. அங்கே இருந்த லட்சக்கணக்கான டீமேட் கணக்குகள் மொத்தமாக வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பூட்டுகள் மாறின. 2020 செப்டம்பர் முதல், வர்த்தகத்துக்கு முன்பணமாகக் காட்ட வேண்டிய மார்ஜினுக்காகப் பங்கை ஈடு கொடுத்தால் அது உங்கள் டீமேட்டை விட்டு நகராது. ‘ஈட்டில் இருக்கிறது’ என்று ஒரு முத்திரை மட்டும் விழும், அதையும் ஓ.டி.பி. போட்டு நீங்கள் சம்மதிக்க வேண்டும். முழுப் பவருக்குப் பதிலாக 2022-இல் டி.டி.பி.ஐ. என்ற குறுகிய அதிகாரப் பத்திரம் வந்தது. விற்ற பங்கைக் கொடுப்பது, மார்ஜினுக்கு ஈடு வைப்பது போன்ற சில வேலைகளுக்குத்தான் அது செல்லும். அதையும் கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொடுக்காவிட்டால் விற்கும்போதெல்லாம் டி-பின் என்ற ரகசிய எண்ணும் ஓ.டி.பி.யும் போட வேண்டியிருக்கும். அந்த டி-பின் சி.டி.எஸ்.எல்.லிடமிருந்து வருகிறது, புரோக்கரிடமிருந்து அல்ல. எப்போதாவது விற்கிற உங்களுக்கு இந்த அரை நிமிட வேலை பெரிய தொந்தரவு இல்லை என்பது என் எண்ணம். நான் இன்னும் டி.டி.பி.ஐ. கொடுக்கவில்லை.

சரி, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு புதன்கிழமை சாயங்காலம் உங்கள் புரோக்கரைத் தொழில் செய்யவிடாமல் நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். டீமேட்டில் 9 லட்சத்துக்குப் பங்கு இருக்கிறது. போன வாரம் எதையோ விற்ற பணம் 38,000 ரூபாய் புரோக்கரிடமே கிடக்கிறது. அன்று காலைதான் 30 பங்கு வாங்கியிருக்கிறீர்கள்.

அந்த 9 லட்சத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சில நாள், ஒருவேளை சில வாரம், உங்களால் விற்க முடியாமல் போகலாம். வேறு புரோக்கரிடம் கணக்கு தொடங்கி, பழைய டீமேட்டிலிருந்து புதியதற்குப் பங்குகளை மாற்ற வேண்டும், அல்லது டெபாசிட்டரியே மொத்தமாக மாற்றிவிடும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் விலை இறங்கினால் யாரும் ஈடு கட்ட மாட்டார்கள். இந்த நஷ்டத்தைப் பற்றி விளம்பரங்கள் வாயே திறப்பதில்லை.

காலையில் வாங்கிய 30 பங்கு மறுநாள் வர வேண்டியது. 2025 முதல் அவை புரோக்கரின் கணக்கில் இறங்காமல், வாங்குபவர் விற்பவர் கணக்கைத் தீர்த்து வைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷனிலிருந்து நேராக உங்கள் டீமேட்டுக்கே வருகின்றன. புரோக்கர் தன் பக்கத்துப் பணத்தைக் கட்டாமல் கவிழ்ந்தால் மட்டுமே இதில் சிக்கல். அப்போது அன்று வாங்கியதற்குப் புரோக்கர் அனுப்பும் ரசீதான கான்ட்ராக்ட் நோட்தான் உங்கள் சாட்சி. மெயிலில் வருகிறதே என்று அதை அழித்துவிடாதீர்கள்.

மூன்றிலும் பலவீனமானது அந்த 38,000 ரூபாய்தான். பங்குக்கு உங்கள் பெயரில் தனிப் பதிவு இருக்கிறது, பணத்துக்கு அப்படி இல்லை. அது எல்லா வாடிக்கையாளர்களின் பணத்தோடும் சேர்ந்து கிடக்கிறது. வாடிக்கையாளர் பணத்தை நாள் முடிவில் கிளியரிங் கார்ப்பரேஷனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று 2023-இல் செபி விதி கொண்டுவந்தது. சும்மா கிடக்கும் பணத்தை, நீங்கள் தேர்ந்தெடுத்தபடி, மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ உங்கள் பேங்க் கணக்குக்கே திருப்பிவிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதையும் மீறிப் பணம் மாட்டிக்கொண்டால், எக்ஸ்சேஞ்ச் அந்தப் புரோக்கரைத் தவறியவர் என்று அறிவித்த பிறகு முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் கேட்கலாம். கார்வி சமயத்தில் என்.எஸ்.இ.யில் ஒருவருக்கு உச்சவரம்பு 25 லட்சம். ஆனால் கிடைக்க மாதங்கள் ஆகும், காகிதமும் கேட்பார்கள். “உங்கள் பங்கை எங்களிடம் விடுங்கள், மாதம் இத்தனை சதவீதம் தருகிறோம்” என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த நிதி உங்களைத் திரும்பியும் பார்க்காது.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது மாதிரி ஒன்றை இங்கேயும் செய்யலாம். ஆப்பில் தெரிவது புரோக்கர் காட்டும் கணக்கு. டெபாசிட்டரியின் கணக்கு உங்கள் மெயிலுக்குத் தனியாக வருகிறது, ‘சி.ஏ.எஸ்.’ என்று சொல்வார்கள். பான் எண்ணைப் போட்டால் திறக்கும். அதையும் ஆப்பையும் பக்கத்தில் வைத்து, கம்பெனி பெயரும் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நேற்று வாங்கியது மட்டும் வித்தியாசப்படலாம். நீங்கள் விற்காத பங்கு குறைந்திருந்தாலோ, ஈடு வைக்காத பங்கின் எதிரே pledge என்று இருந்தாலோ, அன்றைக்கே புரோக்கருக்கும் டெபாசிட்டரிக்கும் மெயில் போடுங்கள். அதோடு நிற்காமல் செபியின் SCORES தளத்திலும் புகார் பதியுங்கள். டெபாசிட்டரியோ அதன் பங்கேற்பாளரான புரோக்கரோ அலட்சியமாக இருந்ததால் உங்களுக்கு நஷ்டம் என்றால், டெபாசிட்டரி ஈடு கட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

இதெல்லாம் வேலை செய்ய ஒரு சின்ன விஷயம் சரியாக இருக்க வேண்டும். என் சித்தப்பாவுக்கு உள்ளூர் ஏஜென்ட் ஒருவர் கணக்கு தொடங்கிக் கொடுத்தார். இரண்டு வருடம் எந்த எஸ்.எம்.எஸ்.ஸும் வரவில்லை. நல்லவேளை, தொல்லை இல்லை என்று இருந்துவிட்டார். ஒரு தீபாவளிக்குப் போனபோது நான் பார்த்தால், டீமேட்டில் பதிந்திருந்த போன் நம்பரும் மெயிலும் ஏஜென்டுடையவை. ஓ.டி.பி. எல்லாம் அவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. பங்கு ஒன்றும் காணாமல் போகவில்லை. ஆனால் சித்தப்பா சொல்லாமலே ஏஜென்ட் நாலைந்து முறை வாங்கி விற்றிருந்தார், கமிஷன் ஏஜென்டுக்கு. உங்கள் விஷயத்தில் மகன் நம்பராக இருக்கலாம். அவர் வெளியூரில் இருந்தால் அதை உங்கள் நம்பருக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டு புரோக்கர் என்ற யோசனை பங்கின் பாதுகாப்புக்குத் தேவையில்லை. போன வாரம் போல ஆப் படுத்துக்கொள்ளும் நாளுக்கு உதவும், ஆனால் வருடத்துக்கு இரண்டு பராமரிப்புக் கட்டணம், இரண்டு நாமினி, இரண்டு பாஸ்வேர்டு. அதற்குப் பதிலாக, போனில் சொல்லியே வாங்கவும் விற்கவும் உதவும் புரோக்கரின் ‘கால் அண்ட் டிரேட்’ நம்பரை ஒரு தாளில் எழுதிப் போனுக்கு வெளியே எங்காவது வையுங்கள். அப்புறம், அந்தக் கணக்கில் பணம் ஏதாவது சும்மா கிடந்தால் இன்றைக்கே வித்டிரா போட்டுப் பாருங்கள். அடுத்த வேலை நாளுக்குள் வந்துவிட வேண்டும். ‘சர்வர் பிரச்சினை’, ‘பேங்க் பிரச்சினை’ என்று ஒரு வாரம் இழுத்தால், ஆப் திறக்காததைவிட அதற்குத்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.