வரிசைக் கணக்கில் ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதும்

ஐயா,
ஐபிபிஎஸ் கிளார்க் பிரிலிம்ஸுக்குப் படித்து வருகிறேன். ரீசனிங்கில் ரேங்கிங் கணக்கு வந்தால் விடை எப்போதும் ஒன்று கூடுகிறது, இல்லாவிட்டால் ஒன்று குறைகிறது. சூத்திரமெல்லாம் மனப்பாடம். எங்கே ஒன்றைக் கூட்டுவது, எங்கே கழிப்பது என்பதுதான் பிடிபடவில்லை. தவறான எண்ணும் ஆப்ஷனில் இருப்பதால் தவறியதே தெரிவதில்லை.
– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

சூத்திரத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். இந்தக் கணக்குகளில் இரண்டு வகை எண்கள் வரும். ‘இடமிருந்து 14வது’ என்பது ஒருவர் நிற்கும் இடத்தின் எண். ‘இடையே 4 பேர்’ என்பது தலைக்கணக்கு. இரண்டையும் அப்படியே கூட்டிக் கழிக்கும்போதுதான் ஒன்று பிசகுகிறது.

எனவே இட எண்ணைப் பார்த்ததும் தலைக்கணக்காக மாற்றுங்கள். குமார் இடமிருந்து 14வது என்றால் அவருக்கு இடப்பக்கம் 13 பேர். வலமிருந்து 17வது என்றால் வலப்பக்கம் 16 பேர். 13, குமார், 16: மொத்தம் 30. இரண்டு முனையிலிருந்தும் எண்ணும்போது குமார் இரண்டு தடவை எண்ணப்படுகிறார், அதனால்தான் 14 + 17 − 1. கழிக்கிற அந்த ஒன்று குமாரேதான். இது தெரிந்துவிட்டால் கூட்டுவதா கழிப்பதா என்ற கேள்வியே எழாது.

அடுத்து, அதிகம் பேர் வழுக்கும் இடம். ‘குமாருக்கு வலப்பக்கம் 5வதாக மலர்’ என்றால் மலரின் இடம் 14 + 5 = 19. ‘குமாருக்கு வலப்பக்கம் மலர், இருவருக்கும் இடையே 5 பேர்’ என்றால் 14 + 6 = 20. இடையே உள்ள ஐவரைத் தாண்டி ஆறாவதாகத்தான் மலர் வருகிறார். கேள்வியை வேகமாக வாசிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ‘இடையே’ என்ற சொல்லைக் கண்டால் அந்த எண்ணோடு ஒன்றைச் சேர்த்து அப்போதே தாளில் எழுதிவிடுங்கள்.

இருவர் வரும் கணக்கை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். குமார் இடமிருந்து 14வது, மலர் வலமிருந்து 11வது, இடையே 4 பேர். மொத்தம் எத்தனை? 14 + 4 + 11 = 29 என்று பலரும் போட்டுவிடுவார்கள். மலர் குமாருக்கு வலப்பக்கம் நின்றால் மட்டுமே அது சரி. இடப்பக்கமும் நிற்கலாமே! அப்போது மலரின் இடம் இடமிருந்து 14 − 5 = 9. அவருக்கு இடப்பக்கம் 8 பேர், வலப்பக்கம் 10 பேர், அவரையும் சேர்த்து 19. யார் எந்தப் பக்கம் என்று கேள்வி சொல்லாவிட்டால் 29, 19 இரண்டுமே பொருந்தும். ‘குறைந்தபட்சம் எத்தனை பேர்’ என்று கேட்டால் 19. அந்தச் சொல்லும் இல்லாவிட்டால் ‘தீர்மானிக்க இயலாது’ என்ற ஆப்ஷன்தான் விடை.

மொத்தத்தையே கொடுத்து இடையே எத்தனை பேர் என்று கேட்டால் குழப்பம் குறைவு. அதே இருவர், வரிசையில் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். 14 + 11 = 25, இது 20ஐ விடப் பெரிது. அப்படியென்றால் இருவரும் ஒருவரையொருவர் தாண்டி நிற்கிறார்கள். மலரை இடமிருந்து எண்ணினால் 20 − 11 + 1 = 10வது. 10க்கும் 14க்கும் நடுவே 11, 12, 13 ஆகிய மூன்று இடங்கள், ஆக 3 பேர். 25 − 20 = 5 என்று நிறுத்துகிறவர்கள் குமாரையும் மலரையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். எந்தக் கணக்கானாலும் இருவரையும் ஒரே முனையிலிருந்து எண்ணும் இடத்துக்கு மாற்றிக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி. ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், ஆனால் எங்கே பிசகியது என்று கண்ணுக்குத் தெரியும்.

இடம் மாறும் கணக்கில் ஆளை விட்டுவிட்டு இருக்கையைப் பிடியுங்கள். குமார் இடமிருந்து 14வது, மலர் வலமிருந்து 11வது. இருவரும் இடம் மாறியபின் குமார் இடமிருந்து 20வது. அவர் இப்போது இருப்பது மலரின் பழைய இருக்கை. அந்த ஒரே இருக்கைக்கு இடமிருந்து 20, வலமிருந்து 11 என இரண்டு எண்ணும் கிடைத்துவிட்டது. மொத்தம் 30. 14ஐயும் 11ஐயும் கூட்டினால் விடை வராது, ஏனென்றால் அவை வெவ்வேறு இருக்கையின் எண்கள்.

பரிசோதிக்க, விடை வந்ததும் இருவரில் ஒருவரை மட்டும் மறு முனையிலிருந்து எண்ணிப் பாருங்கள். மேலே வந்த 19ஐயே எடுத்துக்கொண்டால், குமார் வலமிருந்து 19 − 14 + 1 = 6வது. மலர் வலமிருந்து 11வது. நடுவே 7, 8, 9, 10 என்று நால்வர். கேள்வி சொன்னதும் நான்குதான். இதற்குச் சில நொடிகள் போதும். 35 கேள்விக்கு 20 நிமிடம் என்ற பிரிலிம்ஸ் நெருக்கடியிலும் அதைச் செய்துவிடலாம். தவறினால் கால் மதிப்பெண் போய்விடும்.