பாம்பு வரிசையில் டீம் பிரிப்பது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்க ஊர் வயல்ல ஞாயித்துக்கிழமை 15 பேர் சேருவோம். ரெண்டு கேப்டன் மாறி மாறி ஆள் எடுத்தாலும் ஒரு டீம்தான் எப்பவும் ஜெயிக்கிது. ஸ்நேக் டிராஃப்ட்னு சொல்றாங்களே, அது சரிவருமா?

பதில்:

சரிவரும் தம்பி. ஆனா வரிசையை மட்டும் மாத்தினா பாதி வேலைதான் முடியும். கும்பப்பூ அறுப்பு முடிஞ்ச வயல்ல விளையாடுறதுக்கு இவ்வளவு கணக்கான்னு சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். ஆறாவது ஓவர்லயே ஆட்டம் முடிஞ்சு, மீதி நேரம் சண்டை போடுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

மாறி மாறி எடுக்கிறதுல கோளாறு இதுதான். 15-ல ஒருத்தரை ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா விட்டுட்டு, மீதி 14 பேரைத் திறமைப்படி 1-லருந்து 14 வரை வரிசையா நிறுத்துங்க. முதல்ல எடுக்கிற கேப்டனுக்கு 1, 3, 5 எனப் போய் 13 வரை. மத்தவருக்கு 2, 4, 6 எனப் போய் 14 வரை. ஒவ்வொரு சுத்துலயும் முதல் ஆளுக்கு ஒருபடி நல்ல ஆள் கிடைச்சுட்டே இருக்கு. கூட்டிப் பாத்தா 49-க்கு 56. எண் குறைஞ்சா டீம் பலம்னு அர்த்தம்.

ஸ்நேக்ல ஒவ்வொரு சுத்துக்கும் வரிசை திரும்பும். அ, ஆ, அடுத்து ஆ, அ, அடுத்து அ, ஆ. அதாவது முதல் ஆள் ஒண்ணு எடுத்த பிறகு எல்லாரும் ரெண்டு ரெண்டா எடுப்பாங்க, கடைசியில ஒண்ணு மிஞ்சும். அ-வுக்கு 1, 4, 5, 8, 9, 12, 13. ஆ-வுக்கு 2, 3, 6, 7, 10, 11, 14. கூட்டினா 52-க்கு 53.

இந்த 14-ல ரெண்டு கேப்டனும் அடக்கம். முக்கால்வாசி இடத்துல தப்பு நடக்குறது இங்கதான். கேப்டன்கள் தங்களை எண்ணாம டாஸ் போட்டு, ஜெயிச்சவன் முதல் ஆளை எடுப்பான். ஊர்லயே நல்லா அடிக்கிற முதல் ரெண்டு பேரே கேப்டனா இருந்து, அதுல முதல் ஆளே டாஸும் ஜெயிச்சா, ஒண்ணாம் நம்பரும் மூணாம் நம்பரும் ஒரே பக்கம் போயிரும். கேப்டன்களையே முதல் சுத்தா எண்ணுங்க. அப்போ சுமாரா ஆடுற கேப்டன்தான் முதல்ல கூப்பிடணும். டாஸ் பேட்டிங்குக்கு மட்டும் போதும்.

எண் சமமா வந்தா பலம் சமம்னு நினைச்சுராதீங்க. முதல் ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருந்தா ஸ்நேக் அதை மூடாது. உங்ககிட்ட 15 பேர் இருக்கிறது இதுக்கு வசதி. வழக்கமா கடைசி ஆளைத்தான் காமன் ஆக்குவாங்க. நான் சொல்றது, அந்தப் பெரிய அடிகாரனையே காமனா வைங்க. ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல, உதாரணமா மூணாவதா, பேட்டிங் இறங்கட்டும். பந்து போடக் கூடாது. அவனுக்கு ரெண்டு பேட்டிங் கிடைக்குதுன்னு ஒருத்தன் முணுமுணுப்பான். ரெண்டு இன்னிங்ஸும் ஃபீல்டிங் நிக்கிறதும் அவன்தான்னு சொல்லிருங்க.

அடுத்தது பௌலிங். 8 ஓவர் மேட்ச்ல ஆளுக்கு 2 ஓவர்னா டீமுக்கு நாலு பௌலர் வேணும். ஒரே வரிசையா எடுத்தா எல்லாரும் அடிக்கிறவனையே பிடிப்பாங்க, ஒரு பக்கம் பந்து போட ஆள் இருக்காது. ஒழுங்கா போடுற எட்டுப் பேரை முதல்ல பிரிச்சு முடிச்சுட்டு, மீதி ஆளுக்குப் போங்க. பந்து போடுற கேப்டனும் அந்த எட்டுல ஒருத்தர். ரெண்டாவது கூட்டத்துக்கு வரும்போது ஆ-விலருந்து வரிசை தொடங்கணும். திரும்பவும் அ-விலருந்து எடுத்தா, ரெண்டு கூட்டத்துலயும் முதல் ஆள் அவனுக்கே போகும்.

தர வரிசை உங்க வயலுக்கு ஏத்ததா இருக்கணும். லெக் சைடு தென்னந்தோப்புக்குள்ள போனா அவுட்னு வச்சிருந்தா, மடக்கி அடிக்கிறவன் மூணு நாலு இடம் கீழ போவான், நேரா அடிக்கிறவன் மேல வருவான். வெளியில டோர்னமென்ட்ல அவன் என்ன அடிச்சான்ங்கிறது இங்க எண்ணவே வேண்டாம். அந்த டோர்னமென்ட்லயும் இப்போ ஊர் டீம்ங்கிற பேர்ல காசு குடுத்து வெளியூர் ஆளைத்தானே இறக்குறாங்க, நம்ம பையன் தண்ணி கொண்டு போறான். சரி, அது வேற கதை.

நடுவுல ரெண்டு பேர் லேட்டா வந்தா வரிசையைக் கலைக்க வேண்டாம். சம பலமா இருந்தா பழைய உத்தி முறை போதும். தள்ளிப் போய் ரகசியமா ஆளுக்கொரு பேர் வச்சுட்டு வரட்டும். 'தென்னை வேணுமா, பனை வேணுமா?'ன்னு கேட்டா ஒரு கேப்டன் சொல்லட்டும். ஒருத்தன் மட்டும் வந்தா, இன்னொருத்தன் வர்ற வரைக்கும் ரெண்டு பக்கத்துக்கும் ஃபீல்டிங் நிக்கட்டும், பேட்டிங் கிடையாது.